ஞானமா நோயா என்று கேட்பதற்கு முன், தூங்கினானா என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: நண்பன் சில நாட்களாக "நான் என்று ஒருவன் இல்லை, எல்லாம் ஒன்றே" என்று பேசுகிறான், இது ஆன்மிக விழிப்பா, மனம் பிசகுகிறதா? பொறுத்திருந்து பாருங்கள், உண்மையான அனுபவமென்றால் நடத்தையில் கனியும், காலம் காட்டிவிடும் என்று நீங்கள் பதில் சொல்லியிருந்தீர்கள். காலம் காட்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வந்திருப்பது மேனியா என்கிற மிகை எழுச்சி நிலையாக இருந்தால், அது காட்டி முடிப்பதற்குள் வேலை போயிருக்கும், சேமிப்பு கரைந்திருக்கும், சில சமயம் ஆளே இருக்கமாட்டார். மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், தியானமும் செய்கிறேன், அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

நண்பர்கள் முதலில் உற்றுக் கேட்பது, அவன் என்ன சொல்கிறான் என்பதை. கடவுளைக் கண்டேன் என்கிறானா, ஒளி என்கிறானா, தன்னையே கடவுள் என்கிறானா? அதை வைத்து அதிகம் பிரித்துவிட முடியாது. ஞானிகள் சொன்ன அதே வாக்கியங்களை வார்டில் கட்டிலில் உட்கார்ந்து சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் சிலர் அழகாகவே சொல்வார்கள். பார்க்க வேண்டியது பேச்சின் சாரத்தை இல்லை, ஆளின் வேகத்தை. அந்த வேகம் முதலில் தெரிவது தூக்கத்தில்.

கவலையில் தூக்கம் கெட்டவன் தூங்க ஆசைப்படுவான், வராது, மறுநாள் சோர்ந்து கிடப்பான். மேனியாவில் இருப்பவனுக்குத் தூக்கமே வேண்டியிருக்காது. இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, முழு இரவு தூங்கியவனைவிடத் தெம்பாக எழுந்து உட்கார்ந்திருப்பான். அதைக் குறையாகவும் சொல்லமாட்டான், "தியானமே எனக்கு ஓய்வு" என்பான். நீண்ட நாள் ஆன்மிக சாதனை செய்கிறவர்களில் சிலர் கொஞ்சம் குறைவாகத் தூங்குவதுண்டு, ஆனால் அவர்களிடம் நிதானம் இருக்கும், நாளுக்கு நாள் பேச்சு வேகம் பிடிக்காது. தூக்கம் குறையக் குறைய ஆள் சூடாகிக்கொண்டே போனால் அது வேறு சங்கதி. தூக்கமின்மை இந்த நோயின் அறிகுறி மட்டுமல்ல, அதைத் தூண்டிவிடக் கூடியதும்கூட. நோய் வரும் வாய்ப்புள்ள ஒருவரை நாள் முழுக்க மௌனம், குறைந்த சாப்பாடு, விடியுமுன் எழுப்புதல் என்று ஒரு முகாமில் வைத்தால் அங்கேயே தொடங்கிவிடலாம்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 26 வயது, கணக்கு எழுதும் வேலை, அதிகம் பேசாத பையன். மௌன தியான முகாமுக்குப் போனான். அங்கே ஒரு மாலை, உடம்பின் எல்லை கரைந்து போனது போல ஓர் அனுபவம், அழுகையும் நிம்மதியுமாக. திரும்பி வந்த முதல் இரண்டு நாள், அறைத்தோழன் சொன்னபடி, "இவ்வளவு அமைதியாக அவனைப் பார்த்ததே இல்லை." மூன்றாம் நாளிலிருந்து இரவு இரண்டரை மணிக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது, ஒன்றல்ல, முப்பது நாற்பது. எதிரே வரும் வண்டிகளின் நம்பரில் தனக்குச் செய்தி இருப்பதாகச் சொன்னான். பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது, நடுவில் யாராவது குறுக்கிட்டால் எரிந்து விழுந்தான். வேலையை விடுகிறேன் என்று மேலாளருக்கு நள்ளிரவில் எழுதினான், அறைத்தோழனின் லேப்டாப்பைத் தெருவில் போன ஒருவருக்குக் கொடுத்துவிட்டான், பற்று அறுந்துவிட்டதாம். (அடுத்தவன் பொருள் மீது பற்று அறுவது சுலபம் என்று அறைத்தோழன் பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்.)

அறைத்தோழன் செய்த நல்ல காரியம், கடவுள் விஷயத்தில் வாதமே செய்யவில்லை. "நீ பார்த்தது பொய் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நீ தூங்கவில்லை, உடம்பு தாங்காது, தூக்கத்துக்காக மட்டும் டாக்டரைப் பார்ப்போம்" என்றான். அதற்கு அவன் ஒத்துக்கொண்டான். பைத்தியம் என்ற வார்த்தை வந்திருந்தால் வந்திருக்கமாட்டான். டாக்டரிடம் பேசும்போது மூன்று விஷயம் வெளியே வந்தது: சில மாதங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தாய்மாமா ஒருவருக்கு, மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் இருந்தது, கல்லூரிக் காலத்தில் ஒரு முறை இதே போல ஒரு வாரம் தூங்காமல் 'பிரமாதமாக' இருந்திருக்கிறான். மனச்சோர்வுக்கான மாத்திரை, பைபோலார் வாய்ப்புள்ள சிலரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அந்த மாத்திரையை டாக்டர் நிறுத்தினார், தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார், தூக்கத்துக்கும் மனநிலையைச் சமன் செய்யவும் மருந்து கொடுத்து வார்டில் சேர்த்தார். தூக்கம் திரும்பியதும் வண்டி நம்பர்கள் வெறும் நம்பர்களாயின. அந்த மாலை அனுபவத்தை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை, அது நிஜம் என்றே சொல்கிறான். டாக்டரும் மறுக்கவில்லை. அந்த மாலை அனுபவமும் பிறகு வந்த நோயும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதை எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை.

"அப்படியானால் ரமணரையும் வார்டில் சேர்த்திருப்பீர்களா?" என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். 1896-இல் 16 வயதில் மரண அனுபவம், படிப்பில் நாட்டம் போனது, சில வாரங்களில் வீட்டை விட்டுப் போனார், திருவண்ணாமலைக் கோயிலின் பாதாள லிங்கக் குகையில் பூச்சி கடிப்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் எந்த நண்பனும் பயந்துதான் போவான், பயந்தது தப்புமில்லை. ஆனால் வீட்டை விட்டுப் போன விதத்தைக் கவனியுங்கள். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 2 ரூபாயை வைத்துவிட்டு, கட்டணம் இன்னும் கட்டவில்லை, பணம் இதோ, என்னைத் தேடிச் செலவு செய்ய வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கணக்கு ஒழுங்காக இருக்கிறது, அடுத்தவர் மேல் அக்கறை இருக்கிறது, தன்னைப் பற்றிப் பறைசாற்றல் எதுவும் இல்லை. அத்தனை இருந்தும், அந்தக் குகையிலிருந்து அவரை யாரோ தூக்கிக்கொண்டு வந்து வாயில் உணவு ஊட்ட வேண்டியிருந்தது. ஞானமாகவே இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

இன்னொரு வழியும் உண்டு, அதே மார்க்கத்தில் பல வருடம் இருக்கிற ஒருவரிடம், அவனுடைய ஆசிரியரிடமோ மூத்த சாதகரிடமோ, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கேட்பது. நாம் புரியாமல் பயப்படுவதை அவர்கள் "இது வரும், போகும்" என்பார்கள், நாம் பக்தி என்று நினைப்பதை "இது எங்கள் பாதையில் இல்லை, டாக்டரிடம் கூட்டிப் போ" என்பார்கள். மனநல மருத்துவமும் இதைத்தான் கேட்கிறது: ஒரு சமூகம் பொதுவாக நம்புவதை நோயென்று எண்ணக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் 1994-லேயே 'மத, ஆன்மிகப் பிரச்சினை' என்று, நோய் என்ற முத்திரை இல்லாத தனித் தலைப்பு சேர்ந்துவிட்டது. டாக்டரிடம் போனால் பக்தியையே நோய் என்று சொல்லிவிடுவார் என்ற பயத்துக்கு அவ்வளவாக ஆதாரமில்லை. ஆனால் ஆசிரியர் "மருந்தை நிறுத்து, எல்லாம் சரியாகும்" என்று சொன்னால் அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம்.

அவனிடமும் கேட்டுப் பார்க்கலாம்: "இதில் ஏதாவது உன் மனம் செய்கிற வேலையாக இருக்கலாமா?" நிதானத்தில் இருப்பவன் யோசிப்பான், சிரிப்பான், "இருக்கலாம், தெரியவில்லை" என்பான். மேனியாவில் இருப்பவனுக்கு அந்தக் கேள்வியே பகையாகத் தோன்றும், நீயும் எதிரிகளோடு சேர்ந்துவிட்டாய் என்பான்.

காத்திருக்கவே கூடாத சில இடங்கள் உண்டு. "இந்த உடல் இனி தேவையில்லை", "சட்டையைக் கழற்றுகிற நேரம் வந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அதை வேதாந்தமாக ரசிக்காமல், சாகப் போகிறேன் என்கிறாயா என்று நேராகவே கேளுங்கள், கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். குரல் கேட்கிறது என்றால், என்ன சொல்கிறது, சொன்னால் செய்துவிடுவாயா என்று கேளுங்கள். காய்ச்சல், குழப்பம், வலிப்பு, இருந்த இடம் மறப்பது இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் மூளை அழற்சியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை. பிரசவமான சில நாட்களுக்குள் ஒரு தாய் தூங்காமல், குழந்தை அவதாரம் என்றோ குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்றோ பேச ஆரம்பித்தால் அதுவும் அன்றே, இடையில் தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. 40 வயதைத் தாண்டி முதன்முறையாக இப்படி வந்தால், தைராய்டு, ஸ்டீராய்டு மருந்து, மூளைக் கோளாறு என்று உடம்புக் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். கஞ்சா பழக்கம் உண்டா என்று எந்த வயதிலும் கேட்கலாம். அப்புறம், ஏற்கெனவே மனநிலையைச் சமன் செய்யும் லித்தியம் மருந்து சாப்பிடுகிறவர் நீரும் உப்புமில்லாமல் விரதம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகிவிடலாம், இது பலருக்குத் தெரிவதில்லை.

இந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்றால், ஒரு நோட்டில் நாள் போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது எழுந்தான், சாப்பிட்டானா, எவ்வளவு செலவழித்தான், அவன் சொன்ன ஒன்றிரண்டு வாக்கியம் அப்படியே. உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். டாக்டர் பார்ப்பது கால் மணி நேரம், அந்தக் கால் மணி நேரம் மட்டும் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகப் பேசிவிட்டு வெளியே வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அப்போது அந்த நோட்டுதான் பேசும். மேலே சொன்ன நோய் வகைப்பாட்டுக் கையேட்டில் மேனியாவுக்கு ஒரு வாரம் என்று கெடு இருக்கிறது, அது நோய்க்குப் பெயர் வைப்பதற்கு. இரண்டு மூன்று இரவு தூங்காமலே தெம்பாக இருக்கிறான் என்றாலே நீங்கள் கிளம்பலாம். அதுவரை தியானம், விரதம், இரவு நேர மந்திர ஜபம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், ஆசிரியரே சொன்னால் கேட்பான். வண்டிச் சாவியும் வங்கி அட்டையும் சில நாள் உன்னிடம் இருக்கட்டும் என்று அவனே கொடுக்கும்படி பேசிப் பாருங்கள்.

மேலே சொன்ன பையன் இப்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டே தியானம் செய்கிறான், நாளைக்கு இருபது நிமிடம், முகாம் கிடையாது. இரவு ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் அறைத்தோழன் டாக்டருக்குப் போன் செய்யலாம் என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கேள்வி கேட்ட வாசகரின் நண்பர் இந்த வாரம் எப்படித் தூங்கினார் என்று முடிந்தால் விசாரித்து, அடுத்த இதழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனநலச் செவிலியர்