இரவில் சும்மா கிடக்கும் போன் 13 சதவீதம் சார்ஜ் இழப்பது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: அண்மை அப்டேட்டுக்குப் பிறகு போன் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகாமல் வைஃபையால் திரும்பத் திரும்ப விழித்துக்கொள்வது, சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர், வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் 5000 எம்ஏஎச் பேட்டரி கொண்ட போனை ஏழு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். இரவு பதினொரு மணிக்குத் திரையை அணைத்து வைத்தால் காலை ஏழு மணிக்கு 3 சதவீதம் குறைந்திருக்கும். கடைசியாக வந்த அப்டேட்டைப் போட்ட மறுநாளிலிருந்து அதே எட்டு மணி நேரத்தில் 13 சதவீதம் போகிறது. உங்கள் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை, ஏதோ ஒரு ஆப்தான் காரணம் என்று எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை, பேட்டரி தேய்ந்துவிட்டது, காசு கொடுத்து மாற்றுங்கள் என்றார்கள். இரண்டும் தவறு என்பதற்கு என்னிடம் அளவுகள் இருக்கின்றன. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பேட்டரி. ஓர் இரவு முழுக்க ஏரோப்ளேன் மோடில், வைஃபையும் இல்லாமல் வைத்தேன். குறைந்தது 1 சதவீதம்தான், அதாவது சுமார் 50 எம்ஏஎச். பேட்டரியே தானாக வடிந்தால் வைஃபை, சிக்னல் எல்லாம் அணைத்தாலும் வடிந்திருக்கும். எட்டு மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் அன்று போன் இழுத்த மின்னோட்டம் ஏறக்குறைய 6 மில்லி ஆம்பியர். ப்ராசஸர் முற்றிலும் நின்று, நினைவகம் தன்னிடமுள்ளதை மறக்காமல் வைத்திருக்க மட்டும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கிற ஆழ்ந்த தூக்கத்துக்குப் பொருந்துகிற அளவு அது. ஆக, என் போனுக்குத் தூங்கத் தெரியும்.

அடுத்த இரவு எல்லாம் வழக்கம்போல. படுக்கும் முன் போனைக் கணினியில் இணைத்துப் பழைய கணக்கை அழித்துவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். காலையில் மறுபடி இணைத்துக் கணக்கை எடுத்தேன்:

```
adb shell dumpsys batterystats --reset
adb shell dumpsys batterystats > iravu.txt
```

அந்தக் கோப்பில் Time on battery screen off என்ற வரியில் இரண்டு நேரங்கள் வரும். realtime என்பது கடிகாரத்தில் ஓடிய நேரம். uptime என்பது அதில் ப்ராசஸர் விழித்திருந்த நேரம்; ஆழ்ந்த தூக்கத்தில் இது ஓடாமல் நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் போன் உண்மையில் தூங்கிய நேரம். என் போனில் realtime 7 மணி 58 நிமிடம், uptime 5 மணி 12 நிமிடம். திரை இருட்டாகவே இருந்தும் போன் தூங்கியது மூன்று மணி நேரம்கூட இல்லை. அதே வீட்டில், அதே வைஃபையில், அதே ஆப்களோடு இருந்த என் பழைய போனில் uptime 22 நிமிடம் மட்டுமே.

போன 13 சதவீதம் 650 எம்ஏஎச். தூங்கிய நேரத்துக்கு 17 எம்ஏஎச் கழித்தால், மிச்சம் 633-ம் விழித்திருந்த 5.2 மணி நேரத்துக்கு. அதாவது விழித்திருக்கும்போது சுமார் 120 மில்லி ஆம்பியர், தூக்கத்தைப்போல இருபது மடங்கு. பெரிய வேலை எதுவும் நடக்காமலே இவ்வளவு போகிறது.

யார் எழுப்புவது? ப்ராசஸரைத் தூங்கவிடாமல் பிடித்துவைப்பவை வேக்லாக். அதே கோப்பில் கெர்னல் வேக்லாக் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது பெயரில் wlan என்று வரும் வரி: சுமார் 19,000 முறை, மொத்தம் 4 மணி 40 நிமிடம். அதாவது ஒன்றரை நொடிக்கு ஒருமுறை வைஃபை சிப் ப்ராசஸரை எழுப்புகிறது. எழுந்தது ஒவ்வொரு முறையும் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாக விழித்திருக்கிறது. ஆப்களின் வேக்லாக் எல்லாம் சேர்த்தே ஐந்து நிமிடம் தேறவில்லை. அதனால்தான் ஆப்களை அழித்தும் ஒன்றும் மாறவில்லை.

இதன் காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. எந்த வீட்டு வைஃபையிலும் ரவுட்டர், டிவி, பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் அடிக்கடி எல்லோருக்கும் பொதுவாகப் பாக்கெட் அனுப்பும். "இந்த முகவரி யாருடையது?" என்று கேட்பது ஒன்று, "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிப்பது இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவை போனுக்குத் தேவையே இல்லை. நன்றாக அமைத்த போனில் வைஃபை சிப்பே ஒரு வடிகட்டியை வைத்துக்கொண்டு, தேவையற்றதை அங்கேயே தள்ளிவிடும். தன் முகவரியைக் கேட்டால் ப்ராசஸரை எழுப்பாமல் தானே பதிலும் சொல்லும். வடிகட்டி வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் ப்ராசஸர்வரை போகும். ஆண்ட்ராய்ட் 6.0-லிருந்து இருக்கும் டோஸ் என்ற மின்சேமிப்பு வசதி ஆப்களைத்தான் அடக்கிவைக்கும், இதைத் தடுக்காது.

இதையும் சோதித்தேன். என் போன் மட்டும் இணைந்த தனி ரவுட்டரில் ஓர் இரவு வைத்தேன்: 3 சதவீதம். மறுநாள் வீட்டு வைஃபைக்கு மாற்றினேன்: மறுபடி 13. அப்டேட்டுக்கு முன் இதே வீட்டு வைஃபையில் 3 என்பதால், அப்டேட்டில் அந்த வடிகட்டி அணைந்துவிட்டது அல்லது கெட்டுவிட்டது என்றே முடிவு செய்கிறேன்.

"ராத்திரி வைஃபையை ஆஃப் பண்ணிடுங்க" என்று உங்கள் ஊழியர் சொன்னார். சரி, அதையும் செய்தேன். சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் 4 சதவீதம், உள் அறையில் 9. மொபைல் மோடமும் அவ்வப்போது எழுந்து தனக்கு அழைப்பு உண்டா என்று கேட்டுவிட்டுத் தூங்குவதுதான். 4ஜியில் இது பெரும்பாலும் 1.28 நொடிக்கு ஒருமுறை, அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் சிக்னல் மெலிந்தால் அக்கம்பக்கத்துக் கோபுரங்களை அளந்து பார்த்துக்கொண்டே இருக்கும், ஏதாவது அனுப்ப வேண்டுமானால் கூடுதல் சக்தியோடு அனுப்பும். ஒரு சிறு செய்தி வந்தாலும் இணைப்பு உடனே மூடாது, சில நொடிகள் திறந்தே இருக்கும். அறைக்கு அறை மாறும் இந்தச் செலவை நான் உங்கள் மேல் போடவில்லை. ஆனால் நான் படுப்பது உள் அறையில். வைஃபையை அணைப்பது எனக்குத் தீர்வாகாது.

என் கோரிக்கை இவைதான். வடிகட்டி இந்த அப்டேட்டில் வேலை செய்கிறதா என்று உங்கள் மென்பொருள் பிரிவு பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். கோளாறு உறுதியானால் எந்த அப்டேட்டில் சரியாகும் என்றும் சொல்ல வேண்டும். அதுவரை சர்வீஸ் சென்டரில் முந்தைய மென்பொருளுக்கு மாற்றித் தர வேண்டும்; அது முடியாதென்றால், வாரண்ட்டி இன்னும் இருப்பதால் வேறு போன் தரவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும். பேட்டரியை என் செலவில் மாற்றச் சொன்ன அந்தக் குறிப்பையும் என் சர்வீஸ் பதிவிலிருந்து நீக்க வேண்டும்.

ஐந்து இரவுகளின் முழுக் கோப்புகளையும், பழைய போனின் கோப்பையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்