தொலைபேசி எண்ணை மாற்ற ஏன் ஒரு நாள் கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"எண் மாறிவிட்டது, தளத்தின் அடியில் இருப்பதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்கும்போது நாங்கள் ஒரு நாள் அவகாசம் கேட்கிறோம். ஒரு வரி மாற்றத்துக்கு ஒரு நாளா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

வேறு இடத்தில் எண்ணை மாற்றிய ஒரு தளம் எங்களிடம் வந்தது. தளத்தின் அடிப்பகுதியான ஃபுட்டரில் புது எண் பளிச்சென்று தெரிந்தது. கைபேசியில் அதைத் தட்டினால் அழைப்பு பழைய எண்ணுக்குப் போனது. உள்ளே இப்படி இருந்தது (எண்கள் மாதிரிக்கு):

```html
<a href="tel:+12025550143">202-555-0178</a>
```

கண்ணுக்குத் தெரிவது வரியின் கடைசியில் இருக்கும் எண். கைபேசி டயல் செய்வது `tel:` என்பதை அடுத்து இருப்பது. மாற்றியவர் `202-555-0143` என்று கோடுகளோடு தேடி மாற்றியிருக்கிறார். லிங்க்கில் கோடுகளே இல்லாததால் அது அகப்படவில்லை. எல்லோரும் கணினியில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள். விரலால் யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

அதனால் நாங்கள் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும், `0143` என்று, பக்கங்களின் அச்சுகளான டெம்ப்ளேட்டுகளிலும் தரவுத்தளத்திலும் தேடுகிறோம். அந்தத் தளத்தில் தொடர்புப் பக்கத்துக்குத் தனியாக ஒரு ஃபுட்டர் இருந்ததும் அப்படித்தான் தெரிந்தது. தேடுபொறிகள் படிப்பதற்கென்று எழுதப்படும் தரவில் இன்னொன்று, இடைவெளிகளோடு:

```json
"telephone": "+1 202 555 0143"
```

இது பக்கத்தில் எங்குமே தெரியாது. தளத்தை எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாது. நான்கு இலக்கத் தேடலில் அதே இலக்கங்கள் உள்ள விற்பனைப் பொருள்களின் குறியீடுகளும் சேர்ந்து வரும் என்பதால் மொத்தமாக மாற்றாமல், ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுகிறோம். நேரம் போவது இதில்தான்.

அப்புறம், எண்ணை ஒரே அமைப்புக் கோப்பில் வைத்து எல்லா டெம்ப்ளேட்டுகளும் அதிலிருந்தே எடுக்கும்படி செய்துவிடுகிறோம். காட்டும் எண், டயல் செய்யும் எண் என்று அதில் இரண்டு வரிகள். காட்டும் எண்ணிலிருந்து இலக்கங்களை மட்டும் எடுத்து லிங்க்கைத் தானாக உருவாக்கலாமே என்று தோன்றும். ஆனால் உள் இணைப்பு எண் 12 என்று கூடவே எழுதியிருந்தால், அந்த 12-உம் எண்ணின் வாலில் ஒட்டிக்கொள்ளும். அழைப்பு தவறாகப் போகும்.

பக்கங்களின் பழைய பிரதிகள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் கேஷை அழித்த பிறகு நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வொரு வகைப் பக்கத்திலும் மூல நிரலைத் திறந்து பழைய நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். கைபேசியில் எண்ணைத் தட்டி, டயல் திரையில் வருவதைப் படித்துப் பாருங்கள்.

தேடுபொறி உங்கள் பக்கத்தை மறுபடி படிக்கும்வரை தேடல் முடிவில் பழைய எண்ணே வரலாம். வரைபடத்தில் உள்ள வணிகப் பதிவையும் நீங்கள் தனியாக மாற்ற வேண்டும். அதனால் பழைய எண்ணை உடனே துண்டித்துவிடாதீர்கள். சில வாரங்களுக்குப் புது எண்ணுக்குத் திருப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் இணையதளப் பராமரிப்புக் குழு