மூன்று மாஸ்க்கையும் திருப்பிக் கொடுங்கள்: லேபிளிங் மென்பொருள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் புதிய பதிப்பை வெளியிட்டு, "எளிமையாக்கியிருக்கிறோம்" என்று அறிவித்தீர்கள். அந்த எளிமை என்னைப் படுத்திய பாட்டை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

முதுகில் பை மாட்டிய ஒருவர் நிற்கிறார். எல்லை பிரித்து லேபிள் செய்ய வேண்டியது பையை மட்டும். பையின் மேல் ஒரு கிளிக் வைத்தேன். அந்தப் புள்ளி பையின் வெளி ஜிப்புப் பகுதியிலும் இருக்கிறது, பையிலும் இருக்கிறது, பையோடு சேர்ந்த ஆளிலும் இருக்கிறது. உங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் ஏஐ மாடல் எதை எடுக்கும்? இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2023-இல் வந்த 'செக்மென்ட் எனிதிங்' மாடல், ஒரு கிளிக்குக்கு, பொருளின் உருவத்தைப் பிரித்துக் காட்டும் மாஸ்க் மூன்று தந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணும் போடுகிறது. நீங்களோ அதிக மதிப்பெண் வாங்கியதை மட்டும் காட்டிவிட்டு மற்ற இரண்டையும் ஒளித்துவிட்டீர்கள். எனக்கு வந்தது முழு ஆள். மாஸ்க் எவ்வளவு கச்சிதமாக விழுந்திருக்கிறது என்று மாடல் போடும் ஊகக் கணக்குதான் அந்த மதிப்பெண். என் மனதில் இருந்தது பையா ஆளா என்பது அதற்குத் தெரியாது. மூன்றையும் காட்டுங்கள், நாங்கள் தேர்ந்துகொள்கிறோம்.

சரி, திருத்தலாம் என்று சட்டையின் நடுவே "இது வேண்டாம்" கிளிக் ஒன்று வைத்தேன். சட்டை போனது, கூடவே பையில் பாதியும் போனது. மென்பொருளிலிருந்து மாடலுக்குப் போகும் அழைப்பைத் திறந்து பார்த்தால் `mask_input` காலி. புள்ளிகள் மட்டும் போகின்றன, முந்தைய மாஸ்க் போகவில்லை. திருத்துவதற்குப் பதிலாக, மாடல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து யோசிக்கிறது. போக வேண்டியது இவ்வளவுதான்:

```
prev = logits[np.argmax(scores)]
predictor.predict(
    point_coords=pts,
    point_labels=np.array([1, 0]),
    mask_input=prev[None, :, :],
    multimask_output=False)
```

1 என்றால் வேண்டும், 0 என்றால் வேண்டாம். முதல் வரியில் `argmax` இருக்கும் இடத்தில் நாங்கள் தேர்ந்த மாஸ்க்கின் எண் வர வேண்டும். படத்தைப் படிக்கும் கனமான வேலை முதலிலேயே ஒருமுறை முடிந்துவிடுவதால், இதில் நேரமும் பெரிதாகக் கூடாது.

இதற்கு மேல், ஒரு பொருளுக்கு மூன்று கிளிக்தான் என்று உச்சவரம்பு வேறு! தவறு உங்கள் பதிப்பில், கணக்கு எங்கள் விரலில். நல்ல நியாயம்.

பையின் வாருக்கு எத்தனை கிளிக் வைத்தாலும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாடல் மாஸ்க்கை 256-க்கு 256 கட்டங்களில் போட்டுப் பிறகு பெரிதாக்குகிறது. 4000 பிக்சல் அகலப் படத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 16 பிக்சல். மெல்லிய வார் அதற்குள் கரைந்துவிடும். விளிம்பு படிக்கட்டாகவோ அறுந்தோ தெரிந்தால் அதுதான் காரணம். அங்கே கிளிக்கை நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பிரஷ்ஷால் வரைய வேண்டும். பிரஷ்ஷையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்பதைக் கோபமில்லாமல் எழுத முயல்கிறேன்.

அடுத்த பதிப்பிலாவது மூன்று மாஸ்க்கையும் காட்டி, முந்தைய மாஸ்க்கையும் சேர்த்து அனுப்பும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த மூன்று கிளிக் வரம்பையாவது தளர்த்துங்கள்.

இப்படிக்கு,
பையை இன்னும் முடிக்காத ஒரு லேபிளிங் பணியாளர்