கவுட் மாத்திரையும் இதயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், கவுட் எனும் மூட்டு வீக்க நோய்க்கான கோல்சிசின் மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்ற செய்தி வந்தது. திங்கள் காலையிலேயே பட்டர்வொர்த்தில் என் மருந்துக்கடைக்கு இருவர் கோல்சிசின் கேட்டு வந்துவிட்டார்கள். தம்பிக்கு வாங்கியது வீட்டில் மீதமிருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளட்டுமா என்றார் ஒருவர். கூடாது என்றேன்.

செய்தி பொய்யில்லை. கோல்சிசின் கொலஸ்ட்ராலைக் குறைக்காது. இதய ரத்தக்குழாயில் படியும் கொழுப்புக்குள் கொலஸ்ட்ரால் படிகங்கள் உருவாகி, கவுட்டில் யூரிக் அமிலப் படிகம் மூட்டை வீங்க வைப்பதுபோல, அங்கே அழற்சியைத் தூண்டுகின்றன. அதைத்தான் இம்மருந்து தணிக்கிறது. எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் கட்டுக்குள் இருந்தும் சிலருக்கு மறுபடி அடைப்பு வருவதற்கு இந்த அழற்சியும் ஒரு காரணம்.

ஆனால் ஆபத்து குறையும் என்று உங்கள் செய்தியில் இருந்த '31 சதவீதம்' 2020இல் வெளிவந்த லோடோகோ-2 ஆய்வின் எண். நிலையான இதய நோயுள்ள 5,522 பேரில், கிட்டத்தட்ட அனைவரும் ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மருந்து சாப்பிட்டவர்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9.6 பேருக்கு மாரடைப்போ அதைப் போன்ற பாதிப்போ வந்தது. தினம் 0.5 மில்லிகிராம் கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 6.8 பேருக்கு. சுமார் இரண்டரை ஆண்டு நூறு பேர் விழுங்கினால் தப்பிப்பவர் ஏறத்தாழ மூவர். குறைவென்று சொல்லமாட்டேன், அற்புதமும் அல்ல.

2024இல் வந்த கிளியர் ஆய்வைச் செய்தி தொடவே இல்லை. அதில் மாரடைப்பு வந்த உடனே சேர்க்கப்பட்ட 7,062 பேரில், கோல்சிசின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 9.1 பேருக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.3 பேருக்கும் பாதிப்பு வந்தது, அதாவது பலனே தெரியவில்லை. மாரடைப்புக்குப் பின் 30 நாளுக்குள் தொடங்கிய பழைய கோல்காட் ஆய்வு பலன் காட்டியிருந்தது. யாருக்கு, எப்போது என்பதில் மருத்துவர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்த லாரி ஓட்டுநர் ஒருவர், வயது 61, இதய மருத்துவர் சொல்லித் தினம் கோல்சிசின் எடுக்கிறார். சென்ற மாதம் இருமலுக்குப் போன ஒரு கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதித் தந்திருந்தார்கள். அது உடலிலிருந்து கோல்சிசின் வெளியேறுவதைத் தடுத்து நஞ்சாக்கிவிடும். சிறுநீரகம் பழுதாயிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். செங்காந்தள் கிழங்கைத் தின்றால் ஆளைக் கொல்வதும் இதே பொருள்தான்! வயிற்றுப்போக்கு, வாந்தி என்று ஆரம்பித்து, தசை தளர்ந்து, ரத்த அணுக்கள் சரியும். சீட்டைப் பார்த்துக் கிளினிக்குக்குப் போன் செய்தேன். வேறு மருந்து எழுதினார்கள். அவர் கிளினிக்கில் கோல்சிசினைச் சொல்லவே இல்லையாம். “அது கவுட் மருந்துதானே, இருமலுக்கு எதற்குச் சொல்லணும்?” என்றார்.

ஒரு மருந்தாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு