வினாடிக்கு 24 பிரேம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது.

சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்ற கணக்கு அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரிவதற்காக வைக்கப்பட்டது என்று உன் எடிட்டிங் வகுப்பில் சொன்னதாக எழுதியிருந்தாய். இத்தனை காலம் புரொஜெக்டர் அறையில் நின்றவன் என்பதால் இதற்கு விரிவாகவே பதில் எழுதத் தோன்றுகிறது. கண் அந்த 24-ஐக் கேட்கவே இல்லை. கேட்டது காது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 17 மீட்டர் பிலிம். கருவியின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 8 பிரேம் நகரும். வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 பிரேம். ஒரு படம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்பே அமெரிக்காவில் எடிசனின் கூடத்தில் டிக்சன் உருவாக்கிய கினெட்டோஸ்கோப் வந்திருந்தது. அது ஒருவர் மட்டும் குனிந்து துளை வழியே பார்க்கும் பெட்டி. அதில் பிலிம் வினாடிக்கு 40 பிரேமுக்கு அருகில் ஓடியது. ஒரே தொழிலில், ஓரிரு ஆண்டு இடைவெளியில், இவ்வளவு வேறுபாடு. இதுதான் வேகம் என்று யாரும் விதி வைக்கவில்லை.

16 பிரேம் போதுமா என்று நீ கேட்பாய். அசைவுக்குப் போதும். தொந்தரவு செய்தது திரையின் சிமிட்டல்தான். ஒரு பிரேம் போய் அடுத்தது வந்து நிற்கும் நேரத்தில் ஷட்டர் ஒளியை மறைக்க வேண்டும். வினாடிக்கு 16 முறை இருளானால் கண் வலிக்கும். அதற்காக வேகத்தைக் கூட்டவில்லை; ஷட்டருக்கு மூன்று இறக்கை வைத்தார்கள். ஒரே பிரேமை மூன்று முறை ஒளியில் காட்டினால் வினாடிக்கு 48 வெளிச்சம். சிமிட்டல் அடங்கிவிட்டது. கண்ணின் வழக்கு அத்தோடு முடிந்தது. பின்னாளில் 24 பிரேமும் இரண்டு இறக்கை ஷட்டரும் வந்தபோதும் பெருக்கினால் கிடைத்தது அதே 48 தான்.

ஆகவே மௌனப் படக் காலம் முழுவதும் வேகம் மனிதரின் கையில் இருந்தது. கேமராக்காரர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார். சண்டைக் காட்சியை விறுவிறுப்பாக்க வேண்டுமென்றால் மெதுவாகச் சுற்றிப் படம் பிடிப்பார். திரையில் அது வேகமாகத் தெரியும். புரொஜெக்டரை ஓட்டியவரும் தன் பங்குக்கு வேகத்தை மாற்றினார். கூட்டம் வெளியே காத்திருந்தால் முதலாளி வேகமாக ஓட்டச் சொல்வார். ஒரு நாளில் இன்னொரு காட்சி கூடுதலாகக் கிடைக்கும். பியானோ வாசிப்பவர் திரையைப் பார்த்து அதற்கேற்ப வாசித்துக்கொண்டார். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒலியைச் சேர்க்கும் ஆசை அன்றே இருந்தது. 1913-இல் எடிசன் திரைக்கு அருகே ஃபோனோகிராஃபை வைத்து, அரங்கின் பின்னால் இருந்த புரொஜெக்டரோடு நீண்ட கயிற்றால் இணைத்துப் பார்த்தார். கயிறு சற்றுத் தளர்ந்தாலே வாயும் குரலும் பிரிந்துவிடும். ஒலியும் பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை எட்டவில்லை. லீ டி ஃபாரஸ்டின் வெற்றிடக் குழாய் மேம்பட்டு, ஒலிபெருக்கி தொழிலுக்கு வரும்வரை பேசும் படம் ஒரு வேடிக்கையாகவே நின்றது.

1926-இல் வார்னர் பிரதர்ஸ் கொண்டுவந்த வைட்டாஃபோன் என்ற, ஒலியை இசைத்தட்டில் பதிந்து படத்தோடு ஓட்டும் முறைதான் கதையை மாற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, சற்றுப் பொறுமையாகப் படி. 16 அங்குல இசைத்தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. புரொஜெக்டரையும் தட்டையும் ஒரே மோட்டார் ஓட்டும். ஊசியைத் தட்டின் உட்பக்கத்தில், அம்புக்குறி போட்ட இடத்தில் வைக்க வேண்டும். அது வெளிப்பக்கம் நோக்கி நகரும். பிலிமின் தொடக்கக் குறி, ஒளி பிலிமின் மேல் விழும் கேட் என்ற இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் புது ஊசி. தேய்ந்த தட்டைக் கண்டுபிடிக்க, எத்தனை முறை ஓடியது என்று அடையாளம் போடும் கட்டங்கள் அதன் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருந்தன.

வேகம் எவ்வளவு என்று முடிவு செய்தாக வேண்டிய நாள் அப்போதுதான் வந்தது. குரலைப் பதிந்த வேகத்தைவிடச் சற்று வேகமாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஏறி இறங்கினால் பாட்டு அலைபாயும். கண் மன்னித்ததைக் காது மன்னிக்காது. வைட்டாஃபோன் கருவியை உருவாக்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர்கள் வார்னரின் தலைமை ஆபரேட்டரை அழைத்து, தியேட்டர்களில் படம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று விசாரித்தார்கள். நல்ல தியேட்டர்களில் நிமிடத்துக்கு 80 முதல் 90 அடி, சிறிய தியேட்டர்களில் 100 அடியும் அதற்கு மேலும் என்றார் அவர். 90 என்று முடிவாயிற்று. ஓர் அடிக்கு 16 பிரேம். 90 அடிக்கு 1,440. அதை 60 வினாடிக்கு வகுத்தால் 24. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம் ஓடும். தட்டும் அவ்வளவு நேரமே ஓடும்.

பிலிம் அறுந்தால்தான் ஆபரேட்டருக்குச் சோதனை. மௌனப் படத்தில் கிழிந்த இரண்டு அடியை வெட்டி எறிந்து ஒட்டிவிடலாம். வைட்டாஃபோனில் அப்படி வெட்டினால் 32 பிரேம் குறையும். தட்டு குறையாது. அந்த இடத்திலிருந்து ரீல் முடியும்வரை குரல் ஒன்றேகால் வினாடிக்கு மேல் பின்தங்கி வரும். எத்தனை பிரேம் போனதோ அத்தனை கறுப்புப் பிரேமை எண்ணி ஒட்டுவது ஒன்றே வழி. ஊசி தடம் தாண்டினால் அதற்கும் வழியில்லை. 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் திரையிட்ட 'தி ஜாஸ் சிங்கர்' இந்த முறையில்தான் ஓடியது. அதன் பெரும்பகுதி எழுத்து அட்டைகளோடு வரும் மௌனப் படம் என்பது நினைவிருக்கட்டும். பாடல்களிலும் சில பேச்சிலும் மட்டுமே குரல் கேட்டது.

பிலிமின் ஓரத்திலேயே ஒலியைப் பதியும் முறை இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஃபாக்ஸ் நிறுவனத்தின் மூவிடோன் அதில் முன்னே நின்றது. சில ஆண்டுகளில் வார்னரும் தட்டைக் கைவிட்டது. இதற்கும் 24 பிரேமே நிலைத்தது. பிலிம் வேகமாக ஓடினால் நுண்ணிய ஒலிகளைப் பதிய இடம் கிடைக்கும்; ஆனால் 16-லிருந்து 24-க்குப் போனதிலேயே பிலிம் செலவு ஒன்றரை மடங்காகியிருந்தது.

நான் தொட்டுப் பழகியது இந்த முறைதான். கேட்டில் பிலிம் நின்று நின்று நகரும். ஒலி படிக்கும் இடத்திலோ சீராக ஓட வேண்டும். அதனால் ஒலியைப் படத்துக்கு ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் பதிந்து, இரண்டுக்கும் நடுவே பிலிமை ஒரு தளர்ந்த வளையமாக விடுவோம். வளையம் இரண்டு பிரேம் நீண்டுவிட்டால் உதடு முதலில் அசையும், சொல் பிறகு வரும். பயிற்சிக்கு வரும் பையன்களை 'ப', 'ம' என்று உதடு மூடும் எழுத்துகளைக் கவனிக்கச் சொல்வேன். நீயும் அதையே செய். கணினியிலும் பிசகு அங்கேதான் முதலில் தெரியும்.

பழைய மௌனப் படத்துண்டுகளை உன் ஆவணப் படத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா? அவற்றை நேராக 24-இல் போடாதே. 16-இல் பிடித்த ஒரு நிமிடக் காட்சி 40 வினாடியில் முடிந்து, மனிதர்கள் பொம்மைபோல் ஓடுவார்கள். ஒவ்வொரு துண்டையும் 16, 18, 20, 22 என்று தனித்தனியே ஓட்டிப் பார். நடையைவிட, மேலே எறிந்த பொருள் கீழே விழும் இடம் இருந்தால் அதைப் பார்த்து முடிவு செய். நடையை நடிகர் மாற்றலாம், விழும் பொருள் மாற்றாது. ஒரே படத்துக்குள்ளேயே காட்சிக்குக் காட்சி வேகம் மாறியிருக்கும் என்பதால் முதல் துண்டில் கிடைத்த எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதே. முடித்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா