தலைவலின்னா உடனே கண்ணாடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ் ஹெல்த் பக்கத்துல பிள்ளைங்களுக்கு அடிக்கடி தலைவலி வந்தா கண்ணாடி போடணும்னு ஒத்த வரில முடிச்சிருந்தீங்க. நான் ஒரு கண் கிளினிக்ல பவர் செக் பண்ற ஆப்டோமெட்ரிஸ்ட், அந்த வரியைப் படிச்சதுல இருந்து மனசே கேக்கல, அதான் எழுதுறேன்.

பார்வைக் குறைவால தலைவலி வரும்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குன்னு ஒரு போக்கு இருக்கு. எங்ககிட்ட ஒரு தையல்காரம்மா வந்தாங்க, வயசு 38. காலைல எந்திரிக்கும்போது தலை லேசா இருக்கும், மெஷின்ல உக்காந்து மத்தியானம் தாண்டினா புருவத்துக்கு மேல கனமா ஒரு வலி, ஊசில நூல் கோக்கும்போது கண்ணு இழுக்கும், வேலையை நிறுத்திட்டா கொஞ்ச நேரத்துல குறையும், கடை லீவு அன்னைக்கு வலியே இல்ல. வேற இடத்துல போர்டைப் படிக்கச் சொல்லி 6/6 தெரியுது, கண்ணுல ஒண்ணும் இல்லம்மான்னு அனுப்பிட்டாங்களாம். அவங்களுக்கு இருந்தது பிளஸ் பவர், ரெண்டு கண்ணுலயும் 1.25. பிளஸ் பவர் உள்ளவங்க கண்ணுக்குள்ள இருக்கிற தசையை முறுக்கியே தூரத்தை நல்லாப் படிச்சிடுவாங்க, கிட்டத்துல தைக்கும்போது அதே தசை இன்னும் அதிகமா முறுக்கணும், நாள் முழுக்க அப்படியே பிடிச்சிட்டு இருந்தா வலிக்காம என்ன செய்யும். பிளஸ் லென்ஸை முன்னாடி வச்சும் 6/6 மங்காமப் படிச்சாங்க, அப்பதான் பவர் ஒளிஞ்சிருந்தது வெளில வந்துச்சு. கண்ணாடி போட்டு மூணு வாரத்துல வலி போயிடுச்சு.

சிலிண்டர் பவர் இருந்தாலும், 40 தாண்டி வெள்ளெழுத்து வந்தும் கண்ணாடி போடாம சமாளிச்சாலும் இதே மாதிரிதான் வரும். ஆனா எல்லாரும் பயப்படுற மைனஸ் பவர் தலைவலிக்குக் காரணமா இருக்கிறது ரொம்பக் கம்மி, ஏன்னா அவங்களுக்குக் கிட்டத்துல பார்க்க தசைக்கு வேலையே குறைவு. தூரம் தெரியறதுக்குக் கண்ணாடி வேணும், அது வேற விஷயம்.

இப்ப இன்னொரு கேஸ் சொல்றேன். எட்டாவது படிக்கிற பொண்ணு, மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை தலைவலி, வந்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும், குமட்டும், லைட் போட்டா பிடிக்காது, டிவி சத்தம் ஆகாது, இருட்டு ரூம்ல தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். காலைல சாப்பிடாமப் போன அன்னைக்கும் வெயில்ல அலைஞ்ச அன்னைக்கும் வருது, புஸ்தகமே தொடாத மே மாச லீவுலயும் வந்துச்சு. அம்மாவுக்கும் சின்ன வயசுல இதே தலைவலி. ஆனா கம்ப்யூட்டர் மெஷின்ல வச்சுப் பார்த்து மைனஸ் 0.25 எழுதி கண்ணாடி மாட்டிவிட்டிருக்காங்க. பிள்ளைங்க அந்த மெஷினுக்குள்ள உத்துப் பார்க்கும்போது தசை முறுக்கி இல்லாத மைனஸைக் காட்டும், அதனாலதான் சொட்டு மருந்து போட்டுத் தசை தளர்ந்து கண் பாப்பா விரிஞ்ச பிறகு பார்க்கணும்னு சொல்றது. அப்படிப் பார்த்தா இவளுக்கு மைனஸே இல்ல. இது மைக்ரேன், ஒற்றைத் தலைவலின்னு பேரு இருந்தாலும் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் ரெண்டு பக்கமும்தான் வலிக்கும்.

கண்ணாடி போட்டதும் மூணு வாரம் வலியே வரலையேன்னு அந்தம்மா கேட்டாங்க. மைக்ரேன் தானாவே இடைவெளி விட்டுதான் வரும் சார், அந்த அமைதியான வாரங்களோட பேரைக் கண்ணாடி வாங்கிக்குது, திரும்ப வந்தா பவர் ஏறிடுச்சுன்னு இன்னொரு கண்ணாடி. இப்படியே சரியான மருத்துவம் வருஷக்கணக்கா தள்ளிப்போகுது. அந்தப் பொண்ணைக் குழந்தைகள் டாக்டர்கிட்ட அனுப்பினோம், வேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் சரி பண்ணி, வலி ஆரம்பிச்ச உடனே போட மாத்திரை கொடுத்திருக்காங்க.

எனக்கு உண்மையா பயம் தர்றது வேற. காலைல எந்திரிக்கும்போதே தலைவலி கூடவே வாந்தி, குனிஞ்சா சில நொடி கண்ணு இருட்டுறது, புதுசா ரெட்டை ரெட்டையாத் தெரியறது, இதெல்லாம் தலைக்குள்ள அழுத்தம் கூடுறதா இருக்கலாம், கண் நரம்பு வீங்கியிருக்கான்னு டாக்டர் அன்னைக்கே பார்க்கணும். 50 வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டுப் பக்கம் வலிச்சு மெல்லும்போது தாடையும் வலிச்சா ரத்தக்குழாய் அழற்சியா இருக்கலாம், லேட் பண்ணினா பார்வையே போயிடும். கண்ணு சிவந்து, லைட்டைச் சுத்தி கலர் வளையம் தெரிஞ்சு, வாந்தியோட கடுமையா வலிச்சா அது திடீர் கிளாக்கோமா, கண் பிரச்சனைதான், ஆனா கண்ணாடிக் கடைல தீராது, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இந்தக் கடைசிப் பாராவை மட்டுமாவது அடுத்த ஹெல்த் பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தியாப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்