தோசை விலை ஏன் இறங்குவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோதுமை மாவும் எரிவாயுவும் விலை குறைந்த பின்னரும் யாழ்ப்பாணத்துச் சிறு கடைகளில் ஒரு தோசையின் விலை குறையவில்லை என்றும், இது கடைக்காரரின் பேராசையே என்றும் வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். திருநெல்வேலிச் சந்தையை அண்டிய பகுதியில் காலையில் மட்டும் தோசை விற்கும் சிறு கடை ஒன்றை நடத்துபவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு என் கணக்குக் கொப்பியைக் கொண்டே பதில் சொல்ல விரும்புகிறேன். கீழே தருபவை என் கடையின் அண்மைய விலைகள். மற்றக் கடைகளில் அவை சற்றுக் கூடிக் குறையலாம்.

ஒரு காலைக்கு நாங்கள் ஒரு கிலோ உழுந்து, இரண்டு கிலோ பச்சையரிசி, ஒரு கிலோ அவித்த கோதுமை மா என்ற அளவில் கரைக்கிறோம். உழுந்தும் அரிசியும் முதல் நாள் பகலில் ஊறி, மாலையில் அரைபட்டு, மாவுடன் சேர்ந்து இரவு முழுவதும் புளிக்கின்றன. தண்ணீரும் சேர்ந்து ஒன்பதரைக் கிலோவளவு கரைசல் கிடைக்கும். ஒரு தோசைக்கு 85 கிராம் வீதம் ஊற்றினால் 110 தோசை வரும். உழுந்து 1,200 ரூபாய், அரிசி 500, மா 190, வெந்தயம், உப்பு, மஞ்சள், தாளிதத்துக்கான வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாமாக 210 என்று, கரைசலுக்கு 2,100 ரூபாய் ஆகிறது. இந்தத் தொகையில் பாதிக்கு மேல் உழுந்துக்கே போகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

தோசைக்கல்லில் தடவவும் தோசையைச் சுற்றி விடவும் ஒரு காலைக்கு 400 மில்லிலீற்றர் எண்ணெய் முடிகிறது. அது 360 ரூபாய். விலையில்லாமல் வருவதாகப் பலரும் எண்ணும் சம்பலுக்கும் சாம்பாருக்கும் நான்கு தேங்காய், அரைக் கிலோ பருப்பு, மரக்கறி, புளி, மிளகாய்த்தூள் என 1,300 ரூபாய் செல்கிறது. இரண்டாம் முறை கேட்பவருக்குச் சம்பல் இல்லையென்று சொல்லும் வழக்கம் இவ்வூரில் கிடையாது. அப்படிச் சொல்வதை நானும் விரும்புவதில்லை.

எரிவாயுவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். 3,700 ரூபாய்க்கு வாங்கும் 12.5 கிலோ சிலிண்டர் எனக்கு ஏழு காலைகளுக்கு வருகிறது. ஆகவே ஒரு காலைக்கு ஏறத்தாழ 530 ரூபாய். ஆனால் அடுப்பு தோசையை எண்ணி எரிவதில்லை, நேரத்துக்கே எரிகிறது. ஆறு மணிக்கு வேலைக்குப் போவோர் கூட்டம் கலைந்து, பின்னர் பல்கலைக்கழக மாணவர்கள் வரும் வரையுள்ள இடைவெளியிலும் கல்லின் சூட்டை இறக்கிவிட முடியாது. ஆறிய கல்லில் ஊற்றிய தோசை ஒட்டிப் பிய்ந்துவிடும். அந்த வெறுங்கல்லின் செலவும் விற்ற தோசைகளின் தலையில்தான் விழுகிறது.

கூலிதான் எல்லாவற்றிலும் பெரியது. தோசை சுடுபவருக்கு அரை நாளுக்கு 1,800 ரூபாயும், அரைப்பது, பரிமாறுவது, கழுவுவது ஆகியவற்றைப் பார்க்கும் உதவியாளருக்கு 1,200 ரூபாயும் கொடுக்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு வந்து நெருப்பின் முன் நிற்பவருக்கு இது அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது. வாடகை, மின்சாரம், தண்ணீர், பார்சல் கட்டும் தாள் ஆகியவற்றுக்கு 900 ரூபாய். எல்லாம் கூட்டினால் ஒரு காலைச் செலவு 8,190 ரூபாய். இதில் என் உழைப்புக்கும் என் மனைவியின் உழைப்புக்கும் ஒரு சதமும் சேர்க்கப்படவில்லை.

இதை 110 ஆல் வகுத்தால் ஒரு தோசை ஏறத்தாழ 74 ரூபாய் 50 சதம். ஆனால் 110 தோசை விற்பனைக்கு வருவதே இல்லை. கல் பதமாகும் வரை முதலில் ஊற்றுபவை, ஒட்டிக் கிழிபவை, கரைசல் ஏந்திய பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வது, கடைசியில் மிஞ்சுவது எல்லாம் கழிந்து நல்ல நாளிலும் 100 தோசைதான் பணமாகிறது. அப்போது ஒன்றின் அடக்கவிலை 82 ரூபாய் ஆகிவிடுகிறது. கழிவென்றால் வீணான கரைசலின் விலை மட்டுமென்றே பலரும் கணக்குப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தோசைக்கு இரண்டு ரூபாய்தான் வரும். கிழிந்து போன தோசை எண்ணெயையும் எரிவாயுவையும் கூலியையும் தின்றுவிட்டே கிழிகிறது என்பதால் உண்மையில் அது ஏழரை ரூபாய், அதாவது எரிவாயுச் செலவையும் விட அதிகம். சித்திரை, வைகாசி வெயிலில் மிஞ்சிய கரைசல் மதியத்துக்குள் கடும் புளிப்பாகிவிடும். மார்கழிக் குளிரில் சரியாகப் பொங்காமல் தோசை தட்டையாக வரும். இரண்டு காலத்திலும் கழிவு கூடுகிறது.

நான் ஒரு தோசையை 90 ரூபாய்க்கு விற்கிறேன். 91 தோசை விற்கும் வரை எனக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. நூறு விற்றால் 800 ரூபாய் சொச்சம் மிஞ்சும். அடைமழை பெய்து 70 மட்டும் விற்ற நாளில், கரைசல் முதல் நாளே அரைக்கப்பட்டதாலும் சம்பலும் சாம்பாரும் ஆகிவிட்டதாலும் செலவு 8,000 ரூபாயை விட்டு இறங்குவதில்லை. அன்று ஒரு தோசை எனக்கு 114 ரூபாய்க்கு அடங்குகிறது. 1,700 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைந்தால் ஒரு தோசைக்குக் குறைவது 14 சதம். கோதுமை மா கிலோவுக்கு 10 ரூபாய் குறைந்தால் தோசைக்கு 10 சதம். உழுந்து கிலோவுக்கு 100 ரூபாய் குறைந்தால் மட்டுமே முழுதாக ஒரு ரூபாய் குறைகிறது. செய்தியில் வரும் விலைக்குறைப்பு உண்மைதான். அது தோசைக்கு வந்து சேரும்போது சில்லறைக் காசாகக்கூடத் தேறுவதில்லை.

இதைச் சொல்லாமல் விலையை மட்டும் இறக்கச் சொல்லி நெருக்கினால் கைவைக்க எளிதான இடம் உழுந்துதான். அதில் பாதியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவை இட்டால் காலைக்கு 500 ரூபாய், தோசைக்கு ஐந்து ரூபாய் மிச்சம். பொங்குவதற்கு அப்பச்சோடாவைக் கூட்டிப் போட்டால் கண்ணும் வந்துவிடும். அத்தகைய தோசையைச் சூட்டில் கண்டுபிடிப்பது கடினம். பத்து நிமிடம் ஆறவிட்டால் தோல் போல இழுபடும், புளித்த மணம் இராது, நாக்கில் சோடாவின் சுவை நிற்கும். உழுந்துத் தோசை ஆறினாலும் மெதுமை மாறாது. பார்சல் வாங்கும் வாசகர்கள் வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

விலை குறைய உண்மையில் உதவக்கூடியது விற்பனை எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதுதான். காலையில் இருபது, முப்பது பார்சல் எடுக்கும் அலுவலகங்களும் மாணவர் விடுதிகளும் உழுந்து அரைப்பதற்கு முன், முதல் நாள் பிற்பகல் நான்கு மணிக்குள் தங்கள் தேவையைச் சொல்லிவிட்டால், நான் அவர்களுக்குத் தோசையை 85 ரூபாய்க்குக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். அயலில் உள்ள வேறு கடைக்காரர்களும் இந்த ஏற்பாட்டுக்கு இணங்குவார்கள் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
தோசைக்கடை உரிமையாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.